பத்து எபிசோடு, அடியில் ஒரு முடிச்சு: காசிமேட்டில் நடக்கும் ஒரு சீசனைத் திட்டமிடும் முறை

ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கதை தொடங்கி முடிய வேண்டும். பத்துக்கும் அடியில் ஒரு மர்மம் மெதுவாக நகர வேண்டும். முதன்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பத்துக் கதைகளை முதலில் யோசித்துவிட்டு, மர்மத்தை இடுக்குகளில் சொருகப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். ஒரு மாதிரிக் கதையை வைத்தே பார்ப்போம்.

கதாநாயகியின் தொழிலை முதலில் முடிவு செய்யுங்கள்

தனிக்கதைகள் வாராவாரம் தாமாக வந்து சேரும் தொழில் வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கும் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பட்டா, ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, கூலித் தகராறு என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைத் தேடிப்பிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அடுத்து, சீசனுக்கு ஒரு கெடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், மராமத்தும் பெயின்ட்டும் நடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. மனுவுக்கு ஆள் வர இதைவிட நல்ல பருவம் இல்லை. தடை தொடங்கும் நாளில் முதல் எபிசோடு, படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் இரவில் பத்தாவது. ஒரு எபிசோடிலிருந்து அடுத்ததுக்கு ஏறக்குறைய ஏழு நாள்.

உண்மையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

எபிசோடு எதையும் தொடுவதற்கு முன், மர்மத்தின் விடையை நடந்த வரிசையில் எழுதிவிடுங்கள். பார்வையாளருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை இப்போது நினைக்காதீர்கள்.

நம் கதையில்: செல்வியின் அண்ணன் மாரி கடன்காரர்களுக்குப் பயந்திருந்தான். ஏழு வருடம் முன்பு ஒரு விசைப்படகில் நான்கு பேர் போனதாகக் கணக்கு. அதில் மாரி ஏறவே இல்லை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த ஒரு பையன், மாரியின் பெயரில் ஏறினான். படகு திரும்பவில்லை. மாரி இறந்தவனாகவே ஒளிந்துகொண்டான். நிவாரணம் அவன் குடும்பத்துக்கு வந்தது. சில மாதம் கழித்து அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் எங்கிருந்தோ அவளுக்குப் பணம் அனுப்புகிறான்.

இந்த மர்மத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது செல்வியின் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவரைப் பற்றி, செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். எனவே முதல் எபிசோடில் அண்ணனுக்காக வக்கீலிடம் கொடுக்க வேண்டிய விவரக் குறிப்பைச் செல்வியே எழுத உட்காருகிறாள். ‘எந்தச் செய்தியும் இல்லை’ என்ற அந்த ஒரு வரிக்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டும். சீசன் முழுக்க அந்தக் கையெழுத்து தள்ளிப்போகிறது. ஏன் என்பதுதான் மர்மத்தின் வேர்.

உண்மையை உடையுங்கள்

அந்தப் பக்கத்திலிருந்து ஏழு தகவல்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதுங்கள். பத்து எபிசோடுக்குப் பத்து தகவல் வேண்டாம். எபிசோடுக்கு ஒன்று என்று வந்தால் மூன்றாவது வாரத்திலேயே பார்வையாளர் கதையை விட்டுவிட்டுத் தடயத்துக்காகக் காத்திருப்பார். நம் பட்டியலில் மூன்றிலும் ஆறிலும் புதுத் தகவலே இல்லை. எட்டில் செல்விக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் ஒன்று தெரிகிறது: அம்மா பணம் வாங்கும் இடம்.

ஐந்தாவது எபிசோடில் கேள்வியே மாற வேண்டும். அதுவரை ‘படகுக்கு என்ன ஆயிற்று?’ என்பது கேள்வி. கூலி பாக்கிக்காக மனு எழுத வரும் ஒரு பெயின்டர், அன்று ராத்திரி அந்தப் படகில் தெலுங்கு பேசிய பையனோடு பீடி பிடித்ததைப் பேச்சுவாக்கில் சொல்கிறார். நால்வர் வீட்டிலும் தெலுங்கு பேசுகிறவர் இல்லை. இனி கேள்வி ‘நாலாவது ஆள் யார்?’ இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் ஆறு முதல் எட்டு வரை அதே கேள்வியைச் சுற்றிச்சுற்றி வருவீர்கள். நடுப்பகுதி தொய்வது பெரும்பாலும் இதனால்தான். காட்சிகளைச் சுருக்கினால் அது சரியாகாது.

ஒரு எபிசோடைப் பிரித்துப் பார்ப்போம்

நான்காவது எபிசோடு, நாற்பது நிமிடம், ஏறக்குறைய இருபது காட்சி. மீன் விற்கும் லோகம்மாவின் வீட்டுக்குத் தடைக்கால நிவாரணம் வரவில்லை. அலுவலகப் பட்டியலில் ‘கொடுத்தாயிற்று’ என்று இருக்கிறது. செல்வி துருவிப் பார்த்தால், அவள் வீட்டுக்காரர் பெயரில் வேறொருவரின் கணக்குக்குப் பணம் போயிருக்கிறது. எபிசோடு முடிவில் அந்த ஆள் கண்டுபிடிக்கப்படுகிறார், லோகம்மாவுக்கு வழி பிறக்கிறது. கதை முடிந்தது.

இதில் மர்மத்துக்கு மூன்று காட்சிகள்தான், மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள். இரண்டாவது காட்சியில் குறிப்புக் காகிதம் கையெழுத்தில்லாமல் அலமாரியில் கிடக்கிறது. பதினொன்றாவதில், உச்சக்கட்டச் சண்டையில் லோகம்மா கத்துகிறாள்: “எம்புருஷன் பேர்ல எவனோ துன்னுட்டுப் போறான், ஒனக்கு இன்னா தெரியும்?” பதினேழில் செல்வி ஒரு கணம் அம்மாவைப் பார்க்கிறாள், அவ்வளவே. ஒருவன் பெயரில் இன்னொருவன் உட்கார முடியும் என்பதுதான் இந்த எபிசோடு தரும் தகவல். லோகம்மாவின் வழக்குக்கு அது தேவை, அதனால் யாருக்கும் அது தடயமாகத் தெரியாது. அடுத்த வாரம் பெயின்டர் பேசும்போது தானாக வந்து ஒட்டும்.

ஒவ்வொரு தகவலுக்கும் இந்த இரட்டை வேலை இருக்கிறதா என்று பாருங்கள். மர்மக் காட்சிகள் மூன்றையும் நீக்கினால் எபிசோடு நிற்க வேண்டும். இங்கே பதினொன்றாவதை நீக்கினால் அந்த வசனத்தை மட்டும் இழப்போம், வழக்கு கெடாது. மாறாக எபிசோடையே நீக்கினால் ஐந்தாவதன் திருப்பம் பலமிழக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அட்டையை வேறு எபிசோடுக்கு மாற்றுங்கள்.

தடயத்தை எப்போதும் கடைசிக் காட்சியில் வைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் பார்வையாளர் பழகிவிடுவார், கடைசி நிமிடத்தை மட்டும் கவனிப்பார். சண்டையிலோ சிரிப்பிலோ புதையுங்கள்.

யாருக்கு என்ன தெரியும்

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே எபிசோடு எண்கள், இடப்பக்கம் செல்வி, அம்மா, படகு உரிமையாளர், பார்வையாளர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரம் அவருக்குப் புதிதாகத் தெரிந்ததை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அம்மாவின் வரிசையைத் தனியாகப் படியுங்கள். ஒருவர் பேசாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வாரமும் அவரிடமே ஒரு காரணம் இருக்க வேண்டும்: முதலில் மகன் மாட்டிக்கொள்வான் என்ற பயம், பிறகு வாங்கிய நிவாரணம், பிறகு செல்வியின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம். ‘சொல்ல வந்தாள், போன் அடித்தது’ என்று ஏதாவது ஒரு கட்டத்தில் நீங்கள் எழுதியிருந்தால், அங்கே எழுத்தாளர்தான் ஒளித்து வைக்கிறார். பார்வையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் நம்ப மாட்டார்.

ஒன்பதும் பத்தும்

கடைசி இரண்டில் தனிக்கதையைக் கைவிட்டு மர்மத்துக்குள் குதிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒன்பதாவதிலும் ஒரு மனு வருகிறது: காணாமல் போன மகனைத் தேடி நெல்லூரிலிருந்து ஒரு அப்பா. அதுவே தனிக்கதை, அதுவே விடை. பத்தாவதில் செல்வி அண்ணனின் குறிப்பு, அந்த அப்பாவின் மனு என்ற இரண்டு காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். எதை எழுதுவாள் என்பது மட்டுமே மிச்சம். புதுத் தகவல் எதுவும் பத்தில் வரக்கூடாது.

திட்டம் முடிந்ததும் நான்காவது எபிசோடின் சுருக்கத்தை மட்டும், சீசனைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். லோகம்மாவின் கதையை முடிவோடு சொன்னால் சரி. “யாரோ அண்ணனாமே, அவன் யாரு?” என்று தொடங்கினால், அந்த எபிசோடில் மர்மம் கூடிவிட்டது, முதலில் இரண்டாவது காட்சியைக் குறையுங்கள். இதையே இரண்டு, ஏழு எபிசோடுகளுக்கும் செய்து பார்த்துவிட்டுத் திரைக்கதையைத் தொடங்குங்கள். எழுதும்போது முதல் எபிசோடுக்கு அடுத்ததாக ஒன்பதாவதை எழுதுவது நல்லது. போய்ச் சேரும் இடம் கையில் இருந்தால் நடுவில் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பது தெளிவாகத் தெரியும்.