ஃபேஜின் இரு சுழற்சிகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸே ஃபேஜ். செல்லை உடைத்து வெளியேறும் லைட்டிக் சுழற்சியையும், செல்லின் குரோமோசோமில் தங்கிவிடும் லைசோஜெனிக் சுழற்சியையும் தனித்தனிப் படங்களாக வரைந்து படிப்பதால், இரண்டும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு பாதைகள் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா ஃபேஜைப் பின்தொடர்ந்தால் இந்தத் தவறு புலப்படும்.

மால்டோஸ் உள்ளே செல்லும் புரதத்துளையில் லாம்டா ஒட்டிக்கொள்கிறது. உள்ளே போவது அதன் டி.என்.ஏ. மட்டுமே, புரத உறை வெளியிலேயே நின்றுவிடும். நீள இழையாக நுழைந்த டி.என்.ஏ. உடனே வளையமாகிறது, ஆரம்ப மரபணுக்கள் இயங்குகின்றன. இதுவரை இரண்டுக்கும் ஒரே வழிதான்.

பிரிவு இதன் பிறகே வருகிறது. புதிதாக உருவாகும் சி2 என்ற புரதத்தைச் செல்லின் நொதி ஒன்று தொடர்ந்து சிதைக்கிறது. ஒரே செல்லில் பல ஃபேஜ்கள் நுழைந்தாலோ, செல் பட்டினியில் இருந்தாலோ சி2 தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். அப்போது அது சி1 என்ற அடக்கும் புரதத்தையும், டி.என்.ஏ.வை இணைக்கும் நொதியையும் உருவாக்கத் தூண்டும். லாம்டாவின் டி.என்.ஏ. ஈ.கோலையின் குரோமோசோமில் காலக்டோஸ், பயோட்டின் மரபணுத் தொகுதிகளுக்கு இடையே போய்ச் சேர்ந்துவிடும். இதுவே லைசோஜெனிக் வழி.

சி2 நிலைக்காவிட்டால் லைட்டிக் வழி. டி.என்.ஏ. பெருகும், தலைகளும் வால்களும் தனித்தனியே உருவாகி, தலைக்குள் டி.என்.ஏ. நிரம்பிய பிறகே இணையும். இங்கே இன்னொரு குழப்பம்: ஓம்புயிரியின் டி.என்.ஏ. எப்போதும் துண்டாக்கப்படும் என்று எழுதுவது. அது டி4 என்ற வேறொரு ஃபேஜின் வேலை, லாம்டா அப்படிச் செய்வதில்லை. பாடப்படங்களில் லைட்டிக்குக்கு டி4-ஐயும் லைசோஜெனிக்குக்கு லாம்டாவையும் காட்டுவதால் இந்தக் கலப்பு நேர்கிறது. டி4-க்கு லைசோஜெனிக் வழியே கிடையாது.

ஃபேஜ்கள் நெருக்கியடித்துச் செல்லை வெடிக்கச் செய்கின்றன என்பதும் சரியல்ல. ஹோலின் என்ற புரதம் உள்சவ்வில் சேர்ந்துகொண்டே வந்து, குறித்த நேரத்தில் துளைகளைத் திறக்கும். அதன் வழியே எண்டோலைசின் என்ற நொதி வெளியேறிச் செல்சுவரை அரிக்கும். ஹோலின் பழுதான லாம்டா தொற்றிய செல் உரிய நேரத்தில் உடையாது; உள்ளே ஃபேஜ்கள் மட்டும் குவிந்துகொண்டே போகும்.

லைசோஜெனிக் செல்லில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதுவதுதான் என் பார்வையில் பெரிய தவறு. அங்கே சி1 இடைவிடாமல் உருவாகி, லைட்டிக் மரபணுக்களைப் பூட்டியே வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தினால், பழுதுபார்க்க எழும் ரெக்-ஏ புரதத்தின் தூண்டலில் சி1 தன்னையே வெட்டிக்கொள்ளும். பூட்டு விலகும், லாம்டா குரோமோசோமிலிருந்து பிரிந்து லைட்டிக் வழிக்குப் போகும்.

சி1 இயங்குவதைப் பாக்டீரியா வளர்க்கும் தட்டிலேயே காணலாம். பாக்டீரியாப் பரப்பில் செல்களை உடைத்து லாம்டா உண்டாக்கும் வட்டத்தின் நடுவே கலங்கல் தெரியும். அங்கே வளர்பவை லைசோஜெனிக் செல்கள். புதிதாக நுழையும் லாம்டாவின் டி.என்.ஏ.வையும் அவற்றிலுள்ள சி1 அடக்கிவிடுகிறது. சி1 மரபணு பழுதான லாம்டாவின் வட்டமோ முழுக்கத் தெளிவாக இருக்கும்.