+1 என்றால் எந்த நாடு? வெளிநாட்டு எண்ணைப் பிரித்துப் படிக்கும் முறை

+1 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் அமெரிக்கா என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குக் கனடாவும் அதே +1 தான் என்பது தெரியும். ஆனால் ஜமைக்கா, பார்படோஸ், பஹாமாஸ், டிரினிடாட், டொமினிகன் குடியரசு ஆகியவையும் அந்த +1-க்குள்தான் இருக்கின்றன என்பது பலருக்கு பில் வரும்போதுதான் தெரிகிறது.

ஒரே ஒரு எண்ணை எடுத்து, இடமிருந்து வலமாகப் பிரித்துப் படித்துப் பார்ப்போம். பேப்பரும் பேனாவும் இருந்தால் கூடவே எழுதிக்கொண்டு வாருங்கள்.

```
+1 876 555 0123
```

இது ஜமைக்கா எண்ணின் வடிவம். இந்த +1 வட்டாரத்தில் 555-க்குப் பின் 01 என்று வரும் எண்களைக் கதை, சினிமாவில் காட்டுவதற்கென்று ஒதுக்கி வைப்பது வழக்கம். அதனால்தான் அப்படி ஓர் எண்ணை எடுத்தேன்; யாருடைய வீட்டிலும் மணி அடிக்காது.

படி 1: + குறியைத் தனியாக வையுங்கள்

+ என்பது எண்ணின் பகுதி அல்ல. "இந்த இடத்தில் உங்கள் நாட்டில் வெளிநாட்டு அழைப்புக்கு எதை அழுத்துவீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மட்டுமே அது சொல்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது 00. அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011. ஆக, சென்னையில் ஒரு லேண்ட்லைனிலிருந்து நம் ஜமைக்கா எண்ணைக் கூப்பிட இப்படி அழுத்த வேண்டும்:

```
00  1  876  555 0123
```

செல்போனில் + போட்டாலே போதும். அதற்கு ஈடான எண்ணை நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும். தொடர்புப் பட்டியலில் 00 என்று சேமித்து வைத்திருப்பவர்கள் அமெரிக்கா போய் இறங்கியதும் பழைய எண்கள் எதுவும் போகவில்லை என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். + போட்டுச் சேமித்தால் எந்த ஊரிலும் வேலை செய்யும்.

படி 2: நாட்டுக் குறியீடு எங்கே முடிகிறது என்று கண்டுபிடியுங்கள்

நாட்டுக் குறியீட்டில் ஓர் இலக்கம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். நடுவில் இடைவெளி, புள்ளி எதுவும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. இலக்கங்கள் மட்டும்தான் வரிசையாக வந்து சேரும். அப்புறம் எப்படி அது குழம்பாமல் பிரிக்கிறது?

விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு குறியீடு இன்னொரு குறியீட்டின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 91 இந்தியாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே 910, 911, 912 என்று வேறு எந்த நாட்டுக்கும் குறியீடு கொடுக்க முடியாது. 9 வந்ததும் இயந்திரம் அடுத்த இலக்கத்துக்குக் காத்திருக்கும். அது 1 என்றால் இந்தியா, 4 என்றால் இலங்கை; அங்கேயே கதை முடிந்தது. அதுவே 7 என்றால் இன்னும் ஓர் இலக்கம் வேண்டும்: 971 ஐக்கிய அரபு அமீரகம், 974 கத்தார், 977 நேபாளம்.

1-இல் தொடங்கும் குறியீடு ஒன்றே ஒன்றுதான். அதுதான் 1. இரண்டாவது இலக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். நம் எண்ணில் நாட்டுக் குறியீடு முதல் இலக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் நாடு எது என்று இன்னும் தெரியவில்லை.

படி 3: 1-க்குப் பின் வரும் மூன்று இலக்கங்களைப் படியுங்கள்

நாட்டுக் குறியீடு என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது ஓர் எண் திட்டத்தின் அடையாளம். ஒரு திட்டத்துக்குள் ஒரு நாடு இருக்கலாம், பல நாடுகளும் இருக்கலாம். யாருக்கு எந்த எண்கள் என்று உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டால் போதும். வெளியிலிருந்து வரும் அழைப்பு தவறான வீட்டுக்குப் போகாது.

+1 திட்டத்தில் இந்தப் பிரிவினையைச் செய்வது ஏரியா கோடு எனப்படும் மூன்று இலக்கங்கள். 212 நியூயார்க், 416 டொராண்டோ, 876 ஜமைக்கா, 246 பார்படோஸ், 242 பஹாமாஸ், 868 டிரினிடாட் டொபாகோ. மிச்சம் ஏழு இலக்கங்கள் உள்ளூர் எண். ஆக மொத்தம் 1-க்குப் பின் எப்போதும் பத்து இலக்கங்கள்தான்.

அப்படியானால் நம் எண்ணில் 1 என்பது திட்டம், 876 ஜமைக்கா, மீதி அந்த வீட்டின் எண்.

இவர்கள் எப்படி ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள்?

இதில் வரலாறுதான் பாதி விடை. 1947-இல் அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம் ஒரு திட்டம் போட்டு, அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்து 86 ஏரியா கோடுகளாகப் பிரித்தது. கனடாவின் தொலைபேசி வலை ஏற்கெனவே அமெரிக்காவோடு பின்னிப் பிணைந்திருந்ததால் அதுவும் முதலிலிருந்தே உள்ளே வந்தது. டொராண்டோவின் 416 அந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறது. 1958-இல் பெர்முடாவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் சேர்த்து 809 என்று ஒரே கோடு கொடுத்தார்கள்.

உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. 1964-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1 வட அமெரிக்காவுக்கு, 2 ஆப்பிரிக்காவுக்கு, 3, 4 ஐரோப்பாவுக்கு, 7 சோவியத் யூனியனுக்கு என்று பிரித்தபோது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அந்த வலையை உடைக்காமல் மொத்தமாக 1-ஐக் கொடுத்துவிட்டது. ஜமைக்கா சுதந்திரம் பெற்றது 1962-இல். நாடு தனியானது, தொலைபேசி எண் தனியாகவில்லை.

பக்கத்தில் இருந்தால் +1 கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹிஸ்பானியோலா என்ற ஒரே தீவை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கிழக்கே டொமினிகன் குடியரசு, +1 809. மேற்கே ஹெய்ட்டி, +509. கியூபா +53. எல்லை எங்கே ஓடுகிறது என்பதைவிட, யார் இந்தத் திட்டத்துக்குள் சேர்ந்தார்கள் என்பதுதான் கணக்கு.

809 பல தீவுகளுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய விதிப்படி ஏரியா கோடின் நடு இலக்கம் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதால் புதிய கோடுகளுக்கு இடம் குறைவு. 1995-இல் அந்த விதி நீங்கியதும் தீவுகள் ஒவ்வொன்றாகத் தனிக் கோடு வாங்கின. 809 டொமினிகன் குடியரசுக்கு மிஞ்சியது. டிரினிடாட் வாங்கிய 868-ஐ போன் பட்டன்களில் தேடிப் பாருங்கள்: டி, என், டி. டிரினிடாட் அண்ட் டொபாகோவின் சுருக்கம். கிரெனடாவின் 473-ம் அப்படித்தான், ஜி, ஆர், ஈ.

1-ஐ விட்டுவிட்டால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பார்படோஸ் நண்பர் தன் எண்ணை உள்ளூர் வழக்கப்படி 246 என்று தொடங்கிச் சொல்கிறார். நீங்கள் முன்னால் + போட்டுச் சேமிக்கிறீர்கள்:

```
+246 555 0123
```

+246 என்பது இந்தியப் பெருங்கடலில், மாலத்தீவுக்கும் தெற்கே இருக்கும் டியேகோ கார்சியாவின் குறியீடு. பஹாமாஸ் எண்ணில் 1-ஐ விட்டால் +242, அது ஆப்பிரிக்காவின் காங்கோ குடியரசு. எண் தப்பாக இருக்கிறது என்று போன் எச்சரிக்காது, குறியீடு செல்லுபடியானதுதானே. சேமித்ததும் போன் காட்டும் நாட்டின் பெயரை ஒருமுறை பாருங்கள். கரீபியன் நண்பரின் பெயருக்குக் கீழே காங்கோ என்று வந்தால் 1 விடுபட்டிருக்கிறது.

வேறு யாரெல்லாம் பகிர்கிறார்கள்?

+7 ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் பொது. சோவியத் யூனியன் உடைந்தபின் உக்ரைன் +380, உஸ்பெகிஸ்தான் +998 என்று மற்றவர்கள் கிளம்பிவிட, கஜகஸ்தான் மட்டும் தங்கிவிட்டது. 7-க்குப் பின் இன்னொரு 7 வந்தால் கஜகஸ்தான்; 4 அல்லது 9 வந்தால் ரஷ்யா. உதாரணமாக +7 495 மாஸ்கோ.

வாட்டிகனுக்கு +379 என்று ஒரு குறியீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே உள்ள போன்கள் ரோம் நகர எண்களாகவே, +39 06 698 என்றுதான் இயங்குகின்றன. அந்த 06-இல் இருக்கும் பூஜ்யத்தைக் கவனியுங்கள். சென்னையின் 044 வெளிநாட்டிலிருந்து +91 44 ஆகும், கொழும்பின் 011 +94 11 ஆகும். இத்தாலியின் லேண்ட்லைன்களிலோ பூஜ்யத்தை எடுக்கக் கூடாது; எடுத்தால் அழைப்பு போகாது.

படி 4: கட்டணத்தைப் பாருங்கள்

குறியீடு ஒன்று என்பதால் கட்டணமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி நிறுவனங்களின் பட்டியலில் 1 என்று ஒரு வரி இருக்கும், 1876 என்று இன்னொரு வரி இருக்கும். நீங்கள் அழுத்திய எண்ணோடு எது நீளமாகப் பொருந்துகிறதோ அந்த வரியின் விலைதான் விழும். "அமெரிக்கா, கனடா அளவில்லாப் பேச்சு" என்று ஒரு பேக் வாங்கி, அதில் ஜமைக்காவுக்குப் பேசினால் தனியாகக் காசு போகும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வழுக்கலான இடம். லண்டனுக்குப் பேச 011 அழுத்த வேண்டும், அந்த 011-ஏ ஒரு எச்சரிக்கை. ஜமைக்காவுக்கோ பக்கத்து மாநிலத்துக்குப் பேசுவது மாதிரி 1 876 என்று போட்டாலே போகும். ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடும் மிஸ்டு கால் மோசடிக்காரர்களுக்கு 876, 809, 473 எல்லாம் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். திருப்பிக் கூப்பிடுபவருக்கு வெளிநாட்டு நிமிடக் கட்டணம், அதில் ஒரு பங்கு மோசடிக்காரருக்கு. தெரியாத +1 எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அடுத்த மூன்று இலக்கங்களைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. 416 என்றால் அந்த எண் டொராண்டோவுக்கு ஒதுக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பேசுபவர் அங்கேதான் இருக்கிறார் என்று இல்லை. இணையவழி எண்ணை வாங்கிக்கொண்டு தாம்பரத்தில் உட்கார்ந்தும் பேசலாம். திரையில் தெரியும் எண்ணையே போலியாகக் காட்டவும் முடியும். அது செல்போனா லேண்ட்லைனா என்பதும் +1 எண்ணைப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் அங்கே இரண்டுக்கும் ஒரே ஏரியா கோடுகள்தான்.