நாலு மாதத்தில் மெம்பரேன் போகிறதா? டிரெய்ன் சேடிலைக் கழற்றிப் பாருங்கள்

கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடிப் பக்கம் சர்வீஸுக்குப் போனால், புதுப் பையன்கள் மாட்டிவிட்டுப் போன ஆர்.ஓ. மெஷின்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் செய்து வைத்திருப்பதில் பாதி, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்ததுதான். நட்டை இறுக்க மறந்தது, ஹவுசிங் ஓ-ரிங் பிதுங்கியது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே ஒழுகிக் காட்டிக் கொடுத்துவிடும். மாட்டிய அன்று ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், பிறகு மாதக்கணக்கில் காசைத் தின்கிற தவறுகள் சில இருக்கின்றன, அவற்றை மட்டும் பார்ப்போம்.

ஆறு மி.மீ. ட்யூபும் கால் இன்ச் ட்யூபும்

வீட்டு ஆர்.ஓ.வில் ஓடுவது கால் இன்ச் ட்யூப். வெளி விட்டம் 6.35 மி.மீ. பாரிமுனைப் பக்கம் கம்ப்ரசர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் காற்று ட்யூப் 6 மி.மீ. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புஷ் ஃபிட்டில் செருகினால் இரண்டும் உள்ளே போய் நிற்கும், இழுத்தாலும் வராது. ஆனால் உள்ளே இருக்கும் ஓ-ரிங், அந்த 0.35 மி.மீ. இடைவெளியை முழுதாக அடைக்காது. மோட்டார் ஓடாதபோது காய்ந்து கிடக்கும், ஓடும்போது வியர்க்கும். அடாப்டர் மேல் சொட்டி அதை எரித்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும். ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சூட்டுக் கம்பியால் வேஸ்ட் பைப்பில் ஓட்டை போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். மெஷினின் கழிவு ட்யூபை சிங்க்கின் வேஸ்ட் பைப்போடு சேர்க்க, பைப்பில் ஓட்டை போட்டு அதன் மேல் மாட்டுகிற கவ்விதான் டிரெய்ன் சேடில்.

கொடுங்கையூரில் இரண்டாவது மாடி வீடு. மெட்ரோ தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். நான் போன அன்று உள்ளே வரும் தண்ணீர் டி.டி.எஸ். 1,100. குடிக்கிற தண்ணீர் 310. நாலு மாதத்துக்கு முன்னால்தான் புது மெம்பரேன் போட்டிருக்கிறார்கள், போட்ட அன்று 70 காட்டியதாம்.

"போர் தண்ணி அப்படித்தான்க்கா, வருசத்துக்கு ரெண்டு மெம்பரேன் போட்டே ஆகணும்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போச்சுண்ணே" என்றார் அந்த அக்கா.

தண்ணீர் மேல் பழி போடுவது சுலபம். கழிவு எவ்வளவு போகிறது என்று அந்தத் தம்பி ஒரு நிமிடம் அளந்து பார்க்கவில்லை. அளவு குவளை ஒன்று, கைபேசியில் ஸ்டாப்வாட்ச், அவ்வளவு போதும். நல்ல தண்ணீர் ட்யூபைக் கழற்றிக் குவளையில் பிடித்தேன்: நிமிடத்துக்கு 180 மி.லி. 75 ஜி.பி.டி. மெம்பரேனுக்கு அது சரியான அளவுதான், குறையே சொல்ல முடியாது. அடுத்து கழிவை அளக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கழிவு ட்யூபை சேடிலிலிருந்து பிடுங்கி அளந்தால் உண்மை மறைந்துபோகும். அடைப்பு சேடிலில் இருந்தால், பிடுங்கிய நொடியே அடைப்பும் விலகிவிடுமே. அதனால் ட்யூபைத் தொடாமல், வேஸ்ட் பைப்பின் கீழ் முனையைத் தரையில் இருக்கும் நானி டிராப்பிலிருந்து தூக்கி, அங்கே குவளையை வைத்தேன். நிமிடத்துக்கு 60 மி.லி. பிறகு ட்யூபை சேடிலிலிருந்து கழற்றிப் பிடித்தேன். 420 மி.லி. பாய்ந்தது.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. ட்யூபைக் கழற்றியதும் ஓட்டம் கூடினால் அடைப்பு சேடிலில். கூடவில்லை என்றால் கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற எஃப்.ஆர். அடைத்திருக்கும், அல்லது ட்யூப் எங்கோ மடிந்திருக்கும். அந்த மெஷினில் இருந்தது 450 எஃப்.ஆர்., அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

கழிவு குறைந்தால் மெம்பரேன் ஏன் சாக வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக ஓடும்போது உள்ளே 600 மி.லி. போகிறது, 180 நல்ல தண்ணீராகப் பிரிகிறது, மீதி 420 மி.லி. உப்பைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. 1,100 டி.டி.எஸ்.ஸுக்கு அந்தக் கழிவு சுமார் 1,550 இருக்கும். மெம்பரேனுக்கு அது ஒன்றும் பெரிய சுமையில்லை. அந்த வீட்டிலோ 240 மி.லி. உள்ளே போய் 180 நல்ல தண்ணீராக வந்துவிடுகிறது. அத்தனை உப்பும் 60 மி.லி.யில் அடைய வேண்டும். கழிவில் மீட்டரை வைத்தேன், 3,400-ஐத் தாண்டியது. அந்த அடர்த்தியில் கால்சியம் தண்ணீரில் கரைந்து நிற்காமல் மெம்பரேன் மேலேயே படியும். படிந்ததை அடித்துக்கொண்டு போக வேண்டிய ஓட்டமும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், நல்ல தண்ணீர் முதலில் குறையவே குறையாது. டேங்க் நேரத்துக்கு நிறைகிறது, கழிவும் கம்மியாகப் போகிறது, "மெஷின் சூப்பர்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தண்ணீர் மிச்சம் பிடிக்கிறேன் என்று கழிவு ட்யூபை மடித்து ரப்பர் பேண்ட் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

சேடிலைக் கழற்றினேன். உள்ளே மூன்று கோளாறு. பையன் டிரில் கொண்டுவரவில்லை போலிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தியிருக்கிறான். பிளாஸ்டிக் உருகி, பைப்பின் உட்புறம் உதடு மாதிரி சுருண்டு நிற்கிறது, ஓட்டையில் பாதிதான் மிச்சம். இரண்டாவது, சேடிலின் ஸ்பாஞ்ச் கேஸ்கெட் இறுக்கும்போது நகர்ந்து அந்த மிச்சத்தையும் பாதி மூடியிருக்கிறது. மூன்றாவது குறை நம் சமையலறைக்கே உரியது. தினமும் கொட்டுகிற வடிகஞ்சி அந்த உதட்டில் ஏடாகப் படிந்து, நாலு முடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தோலாகிக் கிடந்தது.

சரியாகச் செய்தால் கால் மணி நேர வேலை. சேடிலுக்கு வழவழப்பான, கெட்டியான பைப் வேண்டும். சிங்க்கிலிருந்து தொங்குகிற மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப்பில் அது உட்காரவே உட்காராது. அங்கே ஒரு துண்டு நேர் பி.வி.சி. பைப்பை நடுவில் சேர்த்துவிட்டு, அதன் மேல் மாட்டுங்கள். நிற்கும் பைப்பானால் பக்கவாட்டில், படுத்த பைப்பானால் மேல் பாதியில் ஓட்டை வர வேண்டும். அடிப்பக்கம் போட்டால் கசடெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். சிங்க்கின் அடியில் டிராப் இருந்தால் சிங்க்குக்கும் டிராப்புக்கும் நடுவில் போடுங்கள். டிராப்பைத் தாண்டிப் போட்டால் சாக்கடை வாடை ட்யூப் வழியாக மெஷின் வரைக்கும் ஏறும். டிரில்லில் 7 மி.மீ. பிட் போட்டு ஒரு பக்கச் சுவரை மட்டும் துளைக்க வேண்டும். வேகத்தில் எதிர்ச் சுவரையும் துளைத்துவிட்டு எம்-சீல் வைத்த வீடுகளும் உண்டு. ஓட்டையின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் சின்ன அரத்தால் எடுத்துவிடுங்கள். கேஸ்கெட்டை ஓட்டைக்கு நேராக ஒட்டி, சேடிலின் வாய் வழியாக அதே பிட்டை கையால் விட்டு, சேடிலும் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிட் நிற்கும்போதே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, சமமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் நகரும். பலத்தைக் காட்டினால் பைப் நெளியும்.

கடைசியாக ட்யூப். நட் போட்டு இறுக்கும் சேடிலில் ட்யூபை எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகும். எதிர்ச் சுவரில் போய் முட்டினால் அதுவே அடைப்பு. நடுவில் நீட்டிக்கொண்டு நின்றால் சோற்றுப் பருக்கையைப் பிடிக்கும். முனை பைப்பின் சுவரோடு நிற்கும்படி முன்கூட்டியே பேனாவால் ட்யூபில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் சேடிலைச் சரிசெய்ததும் கழிவு 420-க்கு வந்துவிட்டது. மெம்பரேனை நெடுநேரம் ஃப்ளஷ் விட்டுப் பார்த்தும் குடிக்கிற தண்ணீரின் டி.டி.எஸ். 240-க்குக் கீழே இறங்கவில்லை. படிந்தது படிந்ததுதான். ஆயிரத்துக்கு மேல் செலவழித்து அக்கா இன்னொரு மெம்பரேன் வாங்க வேண்டியதாயிற்று.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வேஸ்ட் பைப் நேராக நானி டிராப்பில் விழுகிற வீட்டில் சேடிலே வேண்டாம் என்பேன். கழிவு ட்யூபைச் சுவரோரமாகக் கிளிப் அடித்து, ஜல்லடைக்கு இரண்டு இன்ச் மேலே தொங்க விட்டால் போதும், அல்லது வீடு துடைக்க ஒரு பக்கெட்டில் விடலாம். எவ்வளவு போகிறது என்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். ட்யூப் முனை மட்டும் அழுக்குத் தண்ணீருக்குள் முங்கக் கூடாது.

கழற்றிய ட்யூப் முனையை அப்படியே திரும்பச் செருகுவது

புஷ் ஃபிட்டுக்குள் இருக்கும் வளையத்தின் பல் கீறிய இடம் அது. ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள், பிளேடு கட்டரால், நேராக. கட்டிங் பிளேயர் ட்யூபை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும்.

பாதி செருகிவிட்டு லாக் கிளிப் போடுவது

செருகும்போது இரண்டு தடை வரும். முதலில் பல் பிடிக்கும், அங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் அழுத்தினால் ஓ-ரிங்கைத் தாண்டி அடியில் முட்டும். சுமார் 15 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும். செருகியபின் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளிப்.

டேப் ஆஃபில் பிளாஸ்டிக் மரையை நம்புவது

உள்ளே வரும் தண்ணீருக்கு ஆங்கிள் காக்கை ஒட்டி அரை இன்ச் டீயும் சின்ன பால் வால்வும் போடுகிறோம். டீ பித்தளை. சுவருக்குள் இருப்பது வெறும் பிளாஸ்டிக் மரை போட்ட சி.பி.வி.சி. எல்போவானால் ஜாக்கிரதை. டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி ஸ்பானரால் திருகினால், பித்தளை ஆப்பு போலப் போய் எல்போவைப் பிளக்கும். விரிசல் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பதால் முன்னால் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துச் சுவருக்கு மறுபக்கம் பெயின்ட் பொரியும். திருகும் முன் டார்ச் அடித்து, உள்ளே பித்தளை மரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேப்பைக் குறைத்துச் சுற்றி, கையால் இறுக்கியபின் ஸ்பானரில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முடிந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுப் பித்தளை மரை வைத்த எல்போ போடச் சொல்லுங்கள்.

கீசர் லைனில் டேப் ஆஃப் எடுக்கவே கூடாது. வீட்டு மெம்பரேன் 45 டிகிரிக்கு மேல் தாங்காது.

பால்கனி வெயிலில் வெள்ளை ட்யூப்

உள்ளே பாசி பிடிக்கும், வெளியே நொறுங்கும். கறுப்பு ட்யூப் போடுங்கள்.