விற்பவர் அனுப்பும் காணொளியில் பழைய காரைச் சோதிப்பது எப்படி?

பொள்ளாச்சியில் இருக்கும் நமக்கு, பாலக்காட்டுப் பக்கம் விற்பனைக்கு வரும் ஒரு காரைப் பற்றி முதலில் கிடைப்பது விற்பவரின் கைப்பேசிக் காணொளிதான். அதை எப்படி எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. வண்டி ஈரமில்லாமல் நிழலில் நிற்க வேண்டும், ஏனெனில் தண்ணீர்ப் பூச்சு கீறலையும் நிறவேற்றுமையையும் மறைத்துவிடும். கைப்பேசியை அகலக் கோணத்தில் வைக்காமல் இயல்பான 1x அளவில் எடுத்து, வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, நுண்ணிய விவரங்கள் அழிந்துவிடும்.

அடுத்து, வண்டியின் பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளைப் பாருங்கள். இத்தனை மில்லிமீட்டர் என்று காணொளியில் அளக்க முடியாது. ஆனால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட முடியும். சென்ற ஆண்டு பாலக்காட்டுப் பக்கச் சித்தூரிலிருந்து வந்த ஒரு வெள்ளி நிறக் காரின் காணொளியை அங்கங்கே நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்கம், முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடான ஃபென்டருக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க, வலப்பக்கக் கோடு மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தது. ஒரு தாளை நான்காக மடித்து இரண்டு இடைவெளிகளிலும் செருகிக் காட்டும்படி கேட்டேன். இடப்பக்கம் மேலும் கீழும் ஒரே பிடிப்பில் நின்ற தாள், வலப்பக்கம் மேலே நுழையவே இல்லை, கீழே ஆடியது.

நிறத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கேமரா வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், வெவ்வேறு நொடிகளில் தெரியும் பாகங்களை ஒப்பிடாமல், ஒரே சட்டகத்தில் அருகருகே தெரியும் ஃபென்டரையும் கதவையும் ஒப்பிட வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் புதுவண்டியிலேயே அதன் நிறம் சற்று விலகித் தெரியலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிறகு பானெட்டைத் திறந்து, ஃபென்டரைப் பிடித்திருக்கும் போல்ட்களை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த வெள்ளிக் காரில் போல்ட் தலைகளின் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது, அதாவது ஸ்பேனர் பட்டிருந்தது. கேட்டபோது, ஆட்டோ உரசியதால் ஃபென்டரை மட்டும் மாற்றியதாக விற்பவர் ஒப்புக்கொண்டார்.

ஃபென்டர் மாற்றுவது பெரிய குற்றமில்லை. அடி அதோடு நின்றதா, அதற்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் என்ற தகடு வரை போனதா என்பதே கேள்வி, அதைக் காணொளி சொல்லாது. பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறார்கள், கம்பளத்தில் ஈரவாடை அடிக்கிறதா, ஓட்டும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் படத்தில் வராது. ஆகவே முன்பணம் அனுப்பாமல், மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தபோது, ஏப்ரன் தகட்டில் விரலால் தடவினாலே உணரக்கூடிய சுருக்கமும், அதன்மேல் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சும் தெரிந்தன. அந்த வண்டியை நான் வாங்கவில்லை.