தலைசுற்று போனது, பயம் போகவில்லை

ஹட்டனில் ஒரு விடியற்காலை, வலப்பக்கம் புரண்டதும் கூரையே சுழன்றது. அரை நிமிடம்தான், ஆனால் அதற்குள் நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, அந்த வேக மூச்சே கிறுகிறுப்பை இன்னும் கூட்டியது. அப்புறம் பயத்தில் ஒரு மாதம் கழுத்தைத் திருப்பாமலே நடந்தேன். அதுதான் தப்பு, தலையை அசைத்தால்தான் மூளை மறுபடி பழகும்.

காது மூக்குத் தொண்டை டொக்டர் என் தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து, கண்மணி துடிப்பதைப் பார்த்து, உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது என்றார். எப்ளி முறையில் தலையைத் திருப்பித் திருப்பி வைத்தார், இரண்டாம் தடவையில் சுழற்சி நின்றது. மிதப்பு மட்டும் மூன்று வாரம் இருந்தது. மூச்சை மெதுவாக விட்டபடி, சமதரையில் தலையைத் திருப்பித் திருப்பி நடந்துதான் அது அடங்கியது.

காது மந்தமோ இரைச்சலோ சேர்ந்தால் தாமதிக்காமல் அவரிடம் போங்கள். பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் உடனே அவசரப் பிரிவுதான்.