நஷ்டத்தை விற்று வரியைக் குறைப்பது: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது

ஊரில் பங்குச் சந்தையில் கைவைத்துப் பழகியவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் நினைவிருக்கும். நஷ்டத்தில் கிடக்கும் பங்கை விற்று, அந்த நஷ்டத்தை வேறு பங்கில் வந்த லாபத்தில் கழித்துக்கொண்டு, மறுநாளே அதே பங்கைத் திரும்ப வாங்கிவிடுவோம். பங்கும் கையில் இருக்கும், வரியும் குறையும். அந்தப் பழக்கத்தோடு கனடாவுக்கு வந்து இறங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கேயும் அதே வேலையைச் செய்யலாம். ஆனால் மறுநாள் திரும்ப வாங்கினால் கணக்கு கெட்டுவிடும். நீங்கள் வாங்காமல் உங்கள் வீட்டுக்காரம்மா வாங்கினாலும் கெட்டுவிடும். எனக்கு அப்படித்தான் கெட்டது.

முதலில் அடிப்படை. கனடாவில் வரி ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. பங்கை விற்று வந்த மூலதன ஆதாயத்தில் பாதியைத்தான் வருமானத்தில் சேர்ப்பார்கள். (2024 பட்ஜெட்டில் அந்தப் பாதியை மூன்றில் இரண்டாக உயர்த்தப்போவதாகச் சொன்னார்கள். 2025 மார்ச்சில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) விலை இறங்கிய பங்கு கையில் இருக்கும்வரை அது திரையில் தெரியும் நஷ்டம் மட்டுமே, வரிக் கணக்குக்கு அது கிடையாது. விற்று முடித்த பிறகுதான் அது நஷ்டம். அந்த நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்க முடியும், சம்பளத்தில் கழிக்க முடியாது. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் "வருஷத்துக்கு 3,000 டாலர் வரை சம்பளத்திலும் கழிக்கலாமே" என்று சொல்வார். அது அமெரிக்கச் சட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. இந்த ஆண்டு ஒரு வங்கிப் பங்கை விற்றதில் 8,000 டாலர் லாபம். இன்னொரு பக்கம், பல பங்குகளை ஒன்றாகக் கட்டிச் சந்தையில் விற்கும் இ.டி.எஃப் என்ற ஃபண்டில் 40 டாலர் வீதம் வாங்கிய 500 யூனிட்டுகள் இப்போது 28 டாலரில் நிற்கின்றன. 20,000 போட்டது 14,000 ஆகிவிட்டது. ஒன்றும் செய்யாமல் விட்டால் 8,000-இல் பாதி, அதாவது 4,000, உங்கள் வருமானத்தில் சேரும். உங்கள் கடைசி வரி அடுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் என்றால் 1,200 டாலர் கட்ட வேண்டும். இ.டி.எஃப்-ஐ விற்றால் 6,000 நஷ்டம் கையில் வருகிறது, ஆதாயம் 2,000-ஆகக் குறைகிறது, வரி 300. மிச்சம் 900 டாலர்.

இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். இன்னும் ஓர் அடி போங்கள். வந்த 14,000-க்கு அதே மாதிரி வேறொரு இ.டி.எஃப் வாங்குகிறீர்கள். சில வருடம் கழித்து அது 20,000 ஆகிறது, விற்கிறீர்கள். உங்கள் அடக்கவிலை இப்போது 14,000 என்பதால் ஆதாயம் 6,000. அதே 30 சதவீதத்தில் வரி 900. அன்று மிச்சம் பிடித்த அதே 900. ஆக, வரியை ஒழித்துக்கட்டவில்லை, வட்டியில்லாத கடனாகத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். அதுவும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் உங்கள் சம்பளம் ஏறி, வரி அடுக்கு 43 சதவீதம் ஆகியிருந்தால், அந்த 6,000-க்கு 1,290 கட்டுவீர்கள். 900 மிச்சம் பிடித்து 1,290 கொடுத்த கதை. வந்த புதிதில் குறைந்த சம்பளத்தில் தொடங்கி நான்கைந்து வருடத்தில் மேலே போகிறவர்கள் நம்மில் அதிகம். அதனால் இது நமக்குத்தான் முதலில் நடக்கும்.

வந்த வருடத்தில் இதைச் செய்யலாமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். செப்டம்பரில் வந்து இறங்கி, மூன்று மாதச் சம்பளம் மட்டும் இருக்கும் ஆண்டில் கொஞ்சம் ஆதாயம் வந்தாலும் அதற்கு வரி குறைவாகவே இருக்கும். அந்த ஆண்டிலேயே நஷ்டத்தையும் விற்றால், நஷ்டம் கட்டாயமாக அந்த ஆண்டு ஆதாயத்தோடுதான் முதலில் கழியும். "இதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது. கழித்தது போக மீதி இருந்தால்தான் அதை எத்தனை ஆண்டுக்கு வேண்டுமானாலும் முன்னால் கொண்டுபோகலாம். பின்னோக்கி மூன்று ஆண்டுகளுக்கும் கொண்டுபோகலாம், அதற்கு T1A என்ற படிவம் இருக்கிறது. ஆனால் போன வருடம் நீங்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தீர்கள். இங்கே ஆதாயமே காட்டாத ஆண்டுக்கு நஷ்டத்தை அனுப்பி என்ன ஆகப்போகிறது?

இனி என் கதை. மேலே சொன்ன மாதிரியான ஓர் இ.டி.எஃப்-ஐ டிசம்பர் 15 அன்று முழுவதுமாக விற்றேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஜனவரி 1 பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் லாபத்துக்கு வரி இல்லாத டி.எஃப்.எஸ்.ஏ. சேமிப்புக் கணக்கில் புதிதாக 7,000 டாலர் போட இடம் வந்தது. ஜனவரி 5 அன்று மனைவி தன் டி.எஃப்.எஸ்.ஏ-வில் 28 டாலர் வீதம் 250 யூனிட் வாங்கினாள். என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அவள் பணம். ஆனால் அவள் வாங்கியது நான் விற்ற அதே இ.டி.எஃப்.

சட்டம் இதை சூப்பர்ஃபிஷியல் லாஸ் என்கிறது. பேருக்கு மட்டும் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற நாளுக்கு 30 நாள் முன்பிலிருந்து 30 நாள் பின்புவரை, மொத்தம் 61 நாள். அந்தக் காலத்துக்குள் நீங்களோ உங்களோடு இணைந்தவரோ அதே சொத்தை வாங்கி, 30-ஆம் நாள் முடிவில் அதைக் கையில் வைத்திருந்தால் நஷ்டம் செல்லாது. இணைந்தவர் என்றால் கணவன் அல்லது மனைவி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை, நீங்களோ துணையோ கட்டுப்படுத்தும் கம்பெனி. உங்கள் சொந்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி-யும் டி.எஃப்.எஸ்.ஏ-வும் இதில் அடக்கம், துணையுடையவையும் அடக்கம். அண்ணன் தம்பி, அப்பா அம்மா, பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நான் 500 விற்றேன், அவள் 250 வாங்கினாள். அதனால் பாதி நஷ்டம், 3,000 டாலர், செல்லாமல் போனது. மிச்சம் 900 என்று நினைத்தது 450 ஆனது. அவள் சாதாரணக் கணக்கில் வாங்கியிருந்தால்கூட அந்த 3,000 அவளுடைய யூனிட்டுகளின் அடக்கவிலையில் ஏறியிருக்கும், என்றாவது அவள் விற்கும்போது பலன் கிடைத்திருக்கும். டி.எஃப்.எஸ்.ஏ-வுக்குள் அடக்கவிலைக்கு அர்த்தமே இல்லை. லாபத்துக்கு வரி இல்லாத இடத்தில் நஷ்டத்துக்கும் மதிப்பில்லை. அந்த 3,000 போனது போனதுதான். இதற்கு அண்ணன் முறையான இன்னொரு தவறும் உண்டு: நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்காமல் அப்படியே டி.எஃப்.எஸ்.ஏ-வுக்கோ ஆர்.ஆர்.எஸ்.பி-க்கோ மாற்றுவது. லாபத்தில் இருப்பதை மாற்றினால் விற்றதாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள். நஷ்டத்தில் இருப்பதை மாற்றினால் நஷ்டம் பூஜ்யம். முதலில் விற்றுப் பணமாக்கி, பணத்தை உள்ளே போட்டு, உள்ளே வேறு எதையாவது வாங்குங்கள்.

புரோக்கர் இதையெல்லாம் பிடித்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் அனுப்பும் T5008 சீட்டில் விற்ற தொகை இருக்கும். வேறு நிறுவனத்தில் இருக்கும் உங்கள் மனைவியின் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடக்கவிலைகூடச் சில சமயம் தவறாக வரும். ஒரே பங்கை இரண்டு புரோக்கரிடம் வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டியது நீங்கள். விலை அதிகமாக வாங்கிய லாட்டை மட்டும் விற்றதாகக் காட்டும் அமெரிக்க வழி இங்கே கிடையாது.

சந்தையை விட்டு 30 நாள் வெளியே நிற்க மனமில்லை என்றால், அதே போன்ற ஆனால் அதுவே அல்லாத ஒன்றை வாங்கலாம். XIC, ZCN என்ற இரண்டு இ.டி.எஃப்-களையும் வேறு வேறு நிறுவனங்கள் நடத்துகின்றன, ஆனால் பின்தொடர்வது ஒரே டொரோண்டோ பங்குச் சந்தைக் குறியீட்டை. பெயர் மாறியதால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், வரித்துறை அதை ஒரே சொத்தாகவே பார்க்கும் என்று எண்ணி நடப்பதுதான் பாதுகாப்பு. XIC-ஐ விற்று VCN என்ற இ.டி.எஃப்-ஐ வாங்கினால், அது வேறு குறியீட்டைப் பின்தொடர்வது. ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், சொத்து வேறு.

அப்புறம், நஷ்டம் என்று திரை சொல்வது உண்மையிலேயே நஷ்டமா என்று பாருங்கள். எல்லாக் கணக்கும் கனடிய டாலரில். ஓர் அமெரிக்கப் பங்கை 10,000 அமெரிக்க டாலருக்கு வாங்கினீர்கள், அன்று மாற்று விகிதம் 1.25, அடக்கம் 12,500 கனடிய டாலர். இன்று அதன் விலை 9,200, விகிதம் 1.40. கிடைப்பது 12,880. திரையில் 800 நஷ்டம் சிவப்பாகத் தெரியும், வரிக் கணக்கில் 380 லாபம். நஷ்டத்தைக் கழிக்கப் போய் ஆதாயத்தைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள்.

ஊரில் விட்டுவிட்டு வந்த பங்குகளுக்கும் இதே போல ஒரு முடிச்சு உண்டு. கனடாவில் குடியிருப்பவராக ஆன அன்று அவற்றின் சந்தை விலை என்னவோ, அதுதான் கனடாவைப் பொறுத்தவரை உங்கள் அடக்கவிலை. ஐந்து லட்சத்துக்கு வாங்கியது நீங்கள் வந்த அன்று மூன்று லட்சம் என்றால், அந்த இரண்டு லட்ச நஷ்டம் இங்கே இல்லவே இல்லை. பிறகு நான்கு லட்சத்துக்கு விற்றால், ரூபாய் விகிதம் மாறாத பட்சத்தில், கனடா உங்களிடம் லாபக் கணக்குத்தான் கேட்கும். வந்து இறங்கிய தேதியின் விலைகளை அன்றைய மாற்று விகிதத்தோடு இன்றே எழுதி வையுங்கள், டீமேட் அறிக்கையையும் சேமித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடுவது பெரும்பாடு.

தேதி விஷயம் கடைசியாக. 2024 மே முதல் இங்கே பங்கு விற்பனை மறு வேலைநாளில் முடிவாகிறது. அது டிசம்பர் 31-க்குள் முடிவானால்தான் இந்த ஆண்டுக் கணக்கு, அதனால் சாதாரணமாக டிசம்பர் 30-தான் கடைசி நாள். நான் இப்போது டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறேன். விற்ற அன்றே, விற்றதன் பெயரையும் 30 நாளோடு இரண்டு நாள் கூட்டி வரும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். மாதாமாதம் தானாக வாங்கும் ஏற்பாடும் டிவிடெண்டில் தானாக யூனிட் வாங்கும் ஏற்பாடும் எந்தக் கணக்கிலாவது ஓடுகிறதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். போன வருடச் சீட்டில் மனைவி கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அடுத்த தடவை விற்கும் முன்னாடியே சொல்லவும்."