18,000 ரூபாய் சம்பளத்தைப் பிரித்த விதம்

பிஎஃப் பிடித்தம் போக கைக்கு 18,000. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. அதனால் வரிசையை மாற்றினேன்.

சம்பளம் 1-ஆம் தேதி. 5-ஆம் தேதி 3,000 தானாகவே ஆர்டிக்குப் போகிறது. வாடகைப் பங்கு, மெஸ், பஸ், போன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 12,000. இந்த அத்தியாவசியச் செலவில் 3 மாதத்துக்கானதை அவசரப் பணமாக வைக்க வேண்டும், அது 36,000. ஆர்டி ஓராண்டில் அதைத் தொட்டுவிடும். அவசரத்துக்கு நடுவில் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அசல் போகாது.

7-ஆம் தேதி, பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதத் தவணையாக 1,000 எஸ்ஐபி. இதைக் கூட்ட அவசரப்படவில்லை. அவசரப் பணம் சேராமல் ஃபண்டில் அதிகம் போட்டால், சந்தை சரிந்த நேரத்தில் நஷ்டத்துக்கு விற்க நேரும். மீதி 2,000 கைச்செலவுக்கு. அதற்குக் கணக்கே எழுதுவதில்லை.

எஸ்ஐபி தேதியை 1 அல்லது 2 என்று வைக்காதீர்கள். விடுமுறையால் சம்பளம் தாமதமானால் பணம் எடுக்க முடியாமல் திரும்பும். வங்கி அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். மாத எஸ்ஐபி தொடர்ந்து 3 முறை தவறினால் ரத்தாகிவிடும். ஆர்டி முடிந்ததும் தொகையை எஃப்டியில் போட்டுவிட்டு, அந்த 3,000-ல் 2,000-ஐ எஸ்ஐபிக்குத் திருப்பலாம்.